நுண்ணிய வேற்றுமையும் மறைகுறிப் பகுப்பும்

செய்தி ஒன்றைத் திறவுகோலொன்றின் துணைகொண்டு பிறர் அறியாவண்ணம் மாற்றியமைக்கும் முறைகளுள் தொகுதி மறைகுறி என்பது ஒன்று. இம்முறையில் செய்தி முதலில் 0, 1 என்னும் துவித இலக்கங்களாக எழுதப்படும். பின்னர் அது 64 அல்லது 128 இலக்கங்கள் கொண்ட சம தொகுதிகளாக வகுக்கப்படும். ஒவ்வொரு தொகுதியும் முழுமையாக வேறொரு தொகுதியாக மாற்றப்படும். மாற்றப்படுமுன் உள்ளதை வெளிமொழி என்றும், மாற்றப்பட்ட பின் உள்ளதை மறைமொழி என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இம்மாற்றம் ஒரே முறையில் நிகழ்வதன்று. எளியதொரு செயலே பலமுறை திரும்பத் திரும்பச் செய்யப்படும். அவ்வாறு செய்யப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று எனப்படும். 1977ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தரவு மறைகுறி நியமம் இவ்வகையினது. அதன் தொகுதி 64 இலக்கங்களும், திறவுகோல் 56 இலக்கங்களும் கொண்டது, சுற்றுக்கள் 16.

இத்தகைய மறைகுறியின் திறத்தை விளக்குவோர் வழக்கமாகக் கூறுவதொன்று உண்டு. வெளிமொழியில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றினால், மறைமொழியில் ஏறக்குறைய அரைவாசி இலக்கங்கள் மாறிவிடும் என்பதே அது. சிறு வேற்றுமை சுற்றுக்குச் சுற்று பரவி, ஈற்றில் எங்கிருந்து தொடங்கிற்று என்று அறியவொண்ணாதபடி கரைந்துவிடும் என்பது இதன் கருத்து. இது சராசரி அளவில் உண்மையே. ஆயின் சராசரி கொண்டு ஒரு மறைகுறியின் அரணை அளத்தல் தவறாகும். எண்ணிறந்த வேற்றுமைகளுள் யாதேனும் ஒன்று, பரவாது குறித்த ஒரு தடத்தில் ஓடுமாயின், அதனைப் பற்றிச் சென்று திறவுகோலையே அறிந்துவிடலாம். இவ்வாறு செய்யும் முறையை வேற்றுமைவழிப் பகுப்பு எனலாம். இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த எலி பிஹாம், அதி ஷமீர் என்னும் அறிஞர் இருவர் 1990ஆம் ஆண்டில் இதனை உலகறிய வெளியிட்டனர். அது எவ்வாறு இயங்குகின்றது என்பதையும், அதற்கு எல்லை எது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

திறவுகோல் மறையும் இடம்

இரண்டு தொகுதிகளின் வேற்றுமை என்பது யாது? அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இலக்கங்கள் ஒத்தவிடத்து 0 எனவும், மாறுபட்டவிடத்து 1 எனவும் குறித்தால் கிடைப்பதே வேற்றுமை. இது கொண்டு செல்லாது செய்யும் துவிதக் கூட்டலேயாகும். இதனை ⊕ என்னும் குறியாற் காட்டுவர். 1100, 1010 என்பவற்றின் வேற்றுமை 0110 ஆகும். ஓர் எண்ணைத் தன்னோடு இவ்வாறு கூட்டினால் எப்போதும் பூச்சியமே வரும்.

மறைகுறியின் ஒவ்வொரு சுற்றிலும் திறவுகோல் பெரும்பாலும் இக்கூட்டலினாலேயே தொகுதியோடு கலக்கப்படுகின்றது. A, B என்னும் இரு தொகுதிகளோடும் ஒரே திறவுகோல் K கூட்டப்படுவதாகக் கொள்வோம். அப்போது

(A ⊕ K) ⊕ (B ⊕ K) = A ⊕ B

என வரும். K இரு முறை வருதலின் தன்னைத் தானே நீக்கிக்கொள்கின்றது. திறவுகோலை அறியாத ஒருவன் A ⊕ K எத்தகையது என்று கூறவியலாது. ஆயின் இரு தொகுதிகளுக்கு இடையிலுள்ள வேற்றுமை திறவுகோல் கலந்த பின்பும் முன்போலவே உள்ளது என்பதை அவன் உறுதியாக அறிவான். இலக்கங்களின் இடங்களை மாற்றி வைக்கும் செயலும் வேற்றுமையை மறைப்பதில்லை. எந்த இலக்கம் எவ்விடம் செல்லும் என்பது எல்லோரும் அறிந்ததாகையால், வேற்றுமையும் அவ்விடமே செல்லும்.

ஆகவே, வேற்றுமையின் போக்கை ஐயத்துக்கு இடமாக்குவது மறைகுறியில் ஒரே உறுப்புத்தான். அது பதிலீட்டுப் பெட்டி எனப்படும். பெட்டி என்பது ஓர் அட்டவணையே. சிலவிலக்கங்கள் உள்ளே செல்ல, அட்டவணையில் அவற்றுக்கு நேராக உள்ள வேறு சிலவிலக்கங்கள் வெளியே வரும். அது கூட்டல் விதிக்கு அமையாதவாறு வேண்டுமென்றே கோணலாக ஆக்கப்பட்டிருக்கும்.

பெட்டியின் பக்கச்சாய்வு

மேற்கூறிய நியமத்திலுள்ள எட்டுப் பெட்டிகளுள் முதலாவதின் முதல் வரிசையை மாத்திரம் எடுத்து, அதனைத் தனியொரு சிறு பெட்டியாகக் கொள்வோம். 0 முதல் 15 வரையுள்ள எண்கள் முறையே உள்ளே செல்லும்போது வெளிவருவன இவை:

14, 4, 13, 1, 2, 15, 11, 8, 3, 10, 6, 12, 5, 9, 0, 7

இனி, வேற்றுமை 11 (துவிதத்தில் 1011) உள்ள இரண்டிரண்டு எண்களாக உள்ளே செலுத்திப் பார்ப்போம். பதினாறு எண்களும் எட்டு இணைகளாக அமையும். 0, 11 என்னும் இணை 14, 12 என வெளிவரும். இவற்றின் வேற்றுமை 2. 1, 10 என்னும் இணை 4, 6 என வெளிவரும். வேற்றுமை மீண்டும் 2. 2, 9 என்னும் இணை 13, 10 என வந்து 7ஐத் தரும். எஞ்சியவற்றையும் இவ்வாறே கணித்தால், எட்டு இணைகளுள் நான்கு வேற்றுமை 2ஐத் தருவதையும், மற்றைய நான்கும் 7, 5, 15, 13 எனச் சிதறுவதையும் காணலாம்.

இதன் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். பெட்டிக்குள் செல்லும் எண்கள் எவையென நாம் அறியோம். அவை திறவுகோலுடன் கலந்தே உள்ளே செல்கின்றன. எனினும், அவற்றின் வேற்றுமை 11 என்று அறிவோமாயின், வெளிவரும் வேற்றுமை 2 ஆதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டெனக் கூறவியலும். பக்கச்சாய்வு இல்லையாயின், பூச்சியமல்லாத பதினைந்து வேற்றுமைகளும் ஏறக்குறைய ஒத்த வாய்ப்புடன் வந்திருத்தல் வேண்டும். இச்சாய்வே பகுப்பாளன் பற்றும் நூல்.

ஒரு சிறு மறைகுறியை உடைத்தல்

இந்நூலைக்கொண்டு திறவுகோலை அடையும் வழியை எளிய எடுத்துக்காட்டொன்றினால் விளக்குவாம். நான்கு இலக்கத் தொகுதியுடன் முதலில் k₁ என்னும் திறவுகோல் கூட்டப்படும். பின் அது பெட்டியூடு செல்லும். அதன்பின் k₂ கூட்டப்பட்டு, மீண்டும் பெட்டியூடு சென்று, ஈற்றில் k₃ கூட்டப்படும். k₁ = 6, k₂ = 5, k₃ = 9 என்க. பகுப்பாளன் இவற்றை அறியான். ஆயினும் தான் விரும்பிய வெளிமொழிகளைத் தெரிந்து கொடுத்து, அவற்றுக்குரிய மறைமொழிகளைப் பெற அவனுக்கு வாய்ப்பு உண்டெனக் கொள்வோம்.

அவன் வேற்றுமை 11 உள்ள இணைகளைத் தெரிந்து கொடுக்கின்றான். 6, 13 என்பது அவற்றுள் ஒன்று. k₁ கூடியபின் இவை 0, 11 ஆகின்றன. பெட்டியூடு சென்று 14, 12 ஆகின்றன. இங்கு வேற்றுமை 2. k₂ கூடியபின் 11, 9 ஆகின்றன. வேற்றுமை இன்னும் 2. மறுமுறை பெட்டியூடு சென்று 12, 10 ஆகி, k₃ கூட 5, 3 என வெளிவருகின்றன. பகுப்பாளனின் கண்ணுக்குப் புலப்படுவன 6, 13 என்னும் தொடக்கமும், 5, 3 என்னும் முடிவுமே. இவ்வாறே எட்டு இணைகளையும் கொடுத்து அவன் பெறும் மறைமொழி இணைகள் இவை: (5, 3), (13, 8), (10, 14), (11, 2), (1, 4), (15, 6), (9, 12), (0, 7).

இப்போது அவன் k₃க்கு 0 முதல் 15 வரை ஒவ்வோர் எண்ணையும் ஊகித்துப் பார்க்கின்றான். ஊகித்த எண்ணை மறைமொழியிலிருந்து நீக்கி, பெட்டியின் அட்டவணையைத் தலைகீழாகப் படித்து, ஒரு படி பின்னே செல்கின்றான். அங்கே வேற்றுமை 2 ஆக உள்ளதா என்று நோக்குகின்றான். ஊகம் 9 ஆயின், 5, 3 என்பன 12, 10 ஆகி, பின்னோக்கிச் செல்ல 11, 9 ஆகும், வேற்றுமை 2. எனவே அவ்வூகத்துக்கு ஒரு புள்ளி. ஊகம் 3 ஆயின், அதே இணை 6, 0 ஆகி, பின்னோக்கிச் செல்ல 10, 14 ஆகும், வேற்றுமை 4. புள்ளி இல்லை.

எட்டு இணைகளையும் இவ்வாறு சோதித்து எண்ணினால் 9 என்னும் ஊகம் 4 புள்ளி பெறுகின்றது. 8, 13, 15 என்பன மும்மூன்று புள்ளிகளும், 0, 4, 12 என்பன இவ்விரண்டு புள்ளிகளும் பெறுகின்றன. 3, 6 என்பன ஒன்றும் பெறவில்லை. எஞ்சிய ஏழும் ஒவ்வொரு புள்ளி பெறுகின்றன. மிக்க புள்ளி பெற்ற 9 சரியான திறவுகோலே. அதனை நீக்கியபின் எஞ்சுவது ஒரே சுற்றாகையால், மற்றைய இரண்டையும் அறிதல் அரிதன்று.

சரியான ஊகம் ஏன் மேலெழுகின்றது? சரியான ஊகத்தினால் நாம் உண்மையாகவே ஒரு படி பின்சென்று, பெட்டியின் சாய்வு நிகழ்ந்த இடத்தைக் காண்கின்றோம். ஆதலின் அரைவாசி இணைகள் 2ஐக் காட்டுகின்றன. பிழையான ஊகமோ நம்மை இல்லாததோர் இடத்துக்கு இட்டுச் செல்கின்றது. அங்கே 2 வருவது தற்செயலே. எனினும் மூன்று பிழையான ஊகங்கள் 3 புள்ளி வரை வந்துவிட்டமை கவனிக்கத்தக்கது. தொகுதி மிகச் சிறிதாகவும், இணைகள் எட்டேயாகவும் இருத்தலின் தற்செயலும் உரத்து ஒலிக்கின்றது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி இவ்வாறு குறுகியிருப்பின், முடிவை நம்புமுன் இன்னும் இணைகள் வேண்டும் என்பது குறிப்பு. பெரிய தொகுதியில் பிழையான ஊகங்களின் வேற்றுமைகள் மிகப் பலவாகச் சிதறிப்போக, சரியானது தனித்து நிற்கும்.

சுற்றுக்கள் கூட வாய்ப்புக் குறைதல்

மேற்காட்டிய எடுத்துக்காட்டில் ஒரு சுற்றின் சாய்வையே பயன்படுத்தினோம். உண்மை மறைகுறியில் சுற்றுக்கள் பல. முதற்சுற்றில் வேற்றுமை எதிர்பார்த்த வழியிற் செல்லுதல் வேண்டும்; அங்ஙனம் சென்றதன்பின் இரண்டாஞ் சுற்றிலும் செல்லுதல் வேண்டும். இவ்வாறு சுற்றுதோறும் வேற்றுமை எடுக்கவேண்டிய வடிவங்களின் தொடரையே வேற்றுமைத் தடம் என்கிறோம். தடம் முழுவதும் நிறைவேறும் வாய்ப்பு, ஒவ்வொரு சுற்றின் வாய்ப்பையும் பெருக்கியதாகும். ஒரு சுற்றில் இரண்டில் ஒன்றாயின், பத்துச் சுற்றில் 1024இல் ஒன்று. வாய்ப்பு எத்துணை குறைகின்றதோ, அத்துணை மிகுதியான இணைகள் பகுப்பாளனுக்கு வேண்டும்.

தரவு மறைகுறி நியமத்தில் இதனைக் காண்பாம். அங்குத் தொகுதி இடப்பாதி, வலப்பாதி என 32 இலக்கங்கள் கொண்ட இரு பாதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு சுற்றிலும் வலப்பாதி, எட்டுப் பெட்டிகளைக் கொண்ட ஒரு சார்பினுட் செல்லும். அதன் விளைவு இடப்பாதியோடு கூட்டப்படும். பின் இரு பாதிகளும் இடம் மாறும். இனி, இடப்பாதியில் மாத்திரம் வேற்றுமை உள்ளதெனவும், வலப்பாதியில் வேற்றுமை சிறிதும் இல்லையெனவும் கொள்வோம். முதற்சுற்றில் சார்பினுட் செல்வதில் வேற்றுமை இல்லை. ஆகவே விளைவிலும் வேற்றுமை இல்லை. இது உறுதி; இங்கு வாய்ப்புக் குறைவதேயில்லை. பாதிகள் இடம் மாறியபின் வேற்றுமை வலப்பாதிக்கு வந்துவிடுகின்றது.

இரண்டாஞ் சுற்றில் அவ்வேற்றுமை சார்பினுட் செல்கின்றது. பெட்டிகள் நான்கு இலக்கங்களை வெளியிடினும் ஆறு இலக்கங்களை உட்கொள்வன; ஆதலின் வெவ்வேறான இரு உள்ளீடுகள் ஒரே வெளியீட்டைத் தருதலும் கூடும். அங்ஙனம் நேர்ந்தால் சார்பின் விளைவில் வேற்றுமை மறைந்துவிடும். பாதிகள் மீண்டும் இடம் மாற, நாம் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடுவோம். இரு சுற்றுக்கு ஒருமுறை வட்டமிடும் இத்தடத்தைப் பிஹாமும் ஷமீரும் கண்டனர். அவர்கள் தெரிந்த வேற்றுமை முதல் மூன்று பெட்டிகளை மட்டும் தொடுகின்றது. அவற்றில் அது மறையும் வாய்ப்பு முறையே 64இல் 14, 64இல் 8, 64இல் 10. இவற்றைப் பெருக்க, ஏறத்தாழ 234இல் ஒன்று வரும்.

பதின்மூன்று சுற்றுக்கள் வரை இத்தடத்தை நீட்டினால், ஏழு சுற்றுக்கள் உறுதியாகக் கடக்கப்படும். ஆறு சுற்றுக்களில் 234இல் ஒன்றான வாய்ப்பு வேண்டும். 234ஐ ஆறு முறை பெருக்கினால் ஏறத்தாழ 164 இலட்சம் கோடி ஆகும். 1992ஆம் ஆண்டில் அவ்விருவரும் முதற்சுற்றைத் தக்க வெளிமொழித் தெரிவினாற் கடந்து, இறுதி இரு சுற்றுக்களைத் திறவுகோற் சோதனைக்கு ஒதுக்கி, 16 சுற்றுக்களையும் உடைக்க வழி காட்டினர். அதற்கு வேண்டிய தெரிந்த வெளிமொழிகள் 2⁴⁷, அதாவது ஏறத்தாழ 140 இலட்சம் கோடி. எட்டுச் சுற்றுக்களாகக் குறைக்கப்பட்ட அதே மறைகுறியையோ, தனியாள் கணனி ஒன்றில் சில நிமிடங்களில் உடைக்கலாமென 1990இலேயே காட்டியிருந்தனர். எட்டுக்கும் பதினாறுக்கும் இடையிலுள்ள இப்பெருந் தூரம் பெருக்கலின் விளைவேயன்றி வேறன்று.

முன்னரே அறிந்தோர்

பதினாறு சுற்றுக்களும் இத்துணை உறுதியாக நின்றமை தற்செயலன்று. அம்மறைகுறியை அமைத்த ஐ.பி.எம். நிறுவனக் குழுவினருள் ஒருவரான டொன் கொப்பர்ஸ்மித், 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். 1974ஆம் ஆண்டிலேயே தம் குழுவினர் இப்பகுப்பு முறையை அறிந்திருந்தனர் என்பதும், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்துடன் கலந்துரையாடியபின் அதனை வெளியிடாது காத்தனர் என்பதும் அவ்வுண்மை. பெட்டிகளை ஆக்கும்போது அவர்கள் கைக்கொண்ட விதிகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஓர் இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரு உள்ளீடுகள், குறைந்தது இரண்டு இலக்கங்களிலேனும் வேறுபடும் வெளியீடுகளைத் தருதல் வேண்டும். எந்த உள்வேற்றுமைக்கும் எந்த வெளிவேற்றுமையும் 64இல் 16ஐ மிஞ்சி வருதல் கூடாது. வேற்றுமை முற்றாய் மறைவதற்கு அடுத்தடுத்த மூன்று பெட்டிகளேனும் தொடப்படல் வேண்டும் என்பன அவற்றுட் சில. நாம் மேலே எடுத்த வரிசை தனித்து நிற்கையில் 16இல் 8 என்னும் பெருஞ்சாய்வு காட்டிற்று. அதனையே உள்ளடக்கிய முழுப்பெட்டியோ 64இல் 16ஐ மிஞ்சாது நிற்கின்றது. பெட்டிகளின் ஒழுங்கை மாற்றினாலோ, அவற்றைத் தற்செயலாக நிரப்பினாலோ, மறைகுறி மிக நலிவுறும் என்பதைப் பிஹாமும் ஷமீரும் காட்டியுள்ளனர்.

எனினும் இந்நியமம் வேறு வழியில் வீழ்ந்தது. 1998ஆம் ஆண்டில் தனித்துவமாக அமைக்கப்பட்ட பொறியொன்று, திறவுகோல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து 56 மணித்தியாலத்தில் சரியானதைக் கண்டுபிடித்தது. வேற்றுமைக்கு எதிரே பெட்டிகள் உறுதியாக நின்றன. 56 இலக்கத் திறவுகோலின் குறுமையே கேடாயிற்று.

முறையின் எல்லை

இம்முறைக்கு இருவகை எல்லைகள் உண்டு. முதலாவது, கணக்கு எப்போதும் செவ்வையாக அமைவதன்று. 234இல் ஒன்று என்பது எல்லாத் திறவுகோல்களுக்கும் எடுத்த சராசரி. உண்மையில் சில திறவுகோல்களுக்கு அது 146இல் ஒன்றாகவும், வேறு சிலவற்றுக்கு 585இல் ஒன்றாகவும் உள்ளது. சுற்றுக்கள் ஒன்றையொன்று சாராதன எனக் கொண்டே வாய்ப்புக்களைப் பெருக்குகின்றோம். அது கொள்கையளவில் உதவும் ஓர் அண்ணளவு. ஆதலின் தேர்ந்த பகுப்பாளர் சுற்றுக்களைக் குறைத்த மறைகுறியில் மெய்யாகவே இணைகளைச் செலுத்தி, எண்ணிக் கிடைத்த வாய்ப்பையும் கணித்த வாய்ப்பையும் ஒப்பிட்டு நோக்குவர்.

இரண்டாவது எல்லை, உலகிலுள்ள தொகுதிகளின் தொகையே. 128 இலக்கத் தொகுதி உடைய மறைகுறியில் 2¹²⁸ வெளிமொழிகளே உண்டு. ஒரு தடத்துக்கு அதனினும் மிகுதியான இணைகள் வேண்டுமாயின், எல்லாவற்றையும் செலுத்தினாலும் பயனில்லை. பெல்ஜிய நாட்டினரான ஜோன் டேமன், வின்சென்ட் ரெய்மன் ஆகியோர் ஆக்கி, 2001ஆம் ஆண்டில் புதிய நியமமாக ஏற்கப்பட்ட மறைகுறி இவ்வெண்ணத்தின்மேலே கட்டப்பட்டது. அதன் பெட்டியில் எவ்வேற்றுமைக்கும் மிக்க வாய்ப்பு 256இல் 4, அதாவது 64இல் ஒன்று. சுற்றிடையே இலக்கங்களைக் கலக்கும் முறையோ, எந்த நான்கு சுற்றுக்களிலும் குறைந்தது 25 பெட்டிகளை வேற்றுமை தொட்டே தீரவேண்டும் என்பதை உறுதி செய்கின்றது. 64ஐ 25 முறை பெருக்க 2¹⁵⁰ ஆகும். நான்கு சுற்றுக்களிலேயே தனித்த எத்தடமும் தொகுதிகளின் தொகைக்கு அப்பாற் சென்றுவிடுகின்றது. அம்மறைகுறியின் சுற்றுக்களோ பத்துக்குக் குறையா. ஒரே தொடக்கத்தையும் முடிவையும் உடைய பல தடங்கள் ஒன்றுகூடி வாய்ப்பை உயர்த்தலாம் என்பதையும் மறத்தலாகாது; ஆகவே இக்கணக்கு முடிந்த நிரூபணமன்று, வலிய காப்பேயாம்.

இதுகாறும் கூறியவற்றால், ஒரு மறைகுறியில் வேற்றுமை எத்துணை விரைவாகப் பரவுகின்றது என்று பொதுப்பட வினவுதல் போதாதென்பது பெறப்படும். மிகக் குறைவாகப் பரவும் வேற்றுமை யாது, அது தொடும் பெட்டிகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் அதற்குள்ள மிக்க வாய்ப்பு யாது என்பனவே வினவத்தக்கன. இம்மூன்றுக்கும் விடை எழுதி, அவற்றைப் பெருக்கிப் பார்த்தபின்னரே சுற்றுக்கள் எத்தனை வேண்டும் என்பதைத் துணிதல் முறையாகும்.